உலோகம், அலோகம்: யூனிட் டெஸ்டுக்கு முன் மாணவர்கள் கேட்கும் கேள்விகள்

அறிவியல் பாடத்தில் இந்த அலகு முடிந்ததும் என்னிடம் வருகிற கேள்விகள் ஏறக்குறைய ஒன்றுதான். அவற்றை இங்கே சேர்த்து வைத்திருக்கிறேன். எட்டாம் வகுப்புக்கு முதல் பாதி போதும்; பத்தாம் வகுப்பில் இருப்பவர்கள் கடைசி வரை படியுங்கள்.

மிஸ், ஒரே ஒரு டேபிள் போட்டுப் படிச்சா போதுமா? அதுல என்னென்ன இருக்கணும்?

போதும், ஆனால் அதில் நான்கு பத்திகள் இருக்க வேண்டும். பெரும்பாலான நோட்டுகளில் மூன்றுதான் இருக்கிறது: பண்பு, உலோகம், அலோகம். நான்காவதாக "விதிவிலக்கு" என்று ஒரு பத்தி சேர்த்துக்கொள்ளுங்கள். ஒரு மதிப்பெண் கேள்விகளில் பாதிக்கு மேல் அந்தப் பத்தியிலிருந்துதான் வரும். "திரவ நிலையில் உள்ள உலோகம் எது", "மின்சாரம் கடத்தும் அலோகம் எது" என்பதெல்லாம் அங்கே கிடப்பவைதான்.

| பண்பு | உலோகம் | அலோகம் | விதிவிலக்கு |
|---|---|---|---|
| அறை வெப்பநிலையில் நிலை | திண்மம் | திண்மம் அல்லது வாயு | பாதரசம், புரோமின் இரண்டும் திரவம் |
| பளபளப்பு | உண்டு | மங்கலாக இருக்கும் | அயோடின், கிராஃபைட், வைரம் பளபளக்கும் |
| கடினத்தன்மை | கடினம் | திண்மங்கள் மென்மை | சோடியம், பொட்டாசியம் மென்மை. வைரம் மிகக் கடினம் |
| சுத்தியலால் தட்டினால் | தகடாகும் | நொறுங்கும் | |
| இழுத்தால் | கம்பியாக நீளும் | நீளாது, உடையும் | |
| வெப்பம், மின்சாரம் | நன்றாகக் கடத்தும் | அரிதில் கடத்தும் | கிராஃபைட் மின்சாரத்தையும் வைரம் வெப்பத்தையும் கடத்தும் |
| தட்டினால் ஒலி | கணீரென ஒலிக்கும் | ஒலிக்காது | |
| உருகுநிலை, அடர்த்தி | அதிகம் | குறைவு | சோடியம், பொட்டாசியம் இரண்டிலும் குறைவு. வைரம், கிராஃபைட் உருகுநிலை மிக அதிகம் |
| எலக்ட்ரான் | இழந்து நேர் அயனி ஆகும் | ஏற்று எதிர் அயனி ஆகும், அல்லது பகிரும் | ஹைட்ரஜன் |
| ஆக்சைடு | காரத்தன்மை | அமிலத்தன்மை | Al₂O₃, ZnO ஈரியல்பு. CO, N₂O நடுநிலை |
| நீர்த்த அமிலத்துடன் | ஹைட்ரஜன் வரும் | ஹைட்ரஜன் வராது | தாமிரம், வெள்ளி, தங்கம்; நைட்ரிக் அமிலம் |
| குளோரைடு | அயனிப் பிணைப்பு (NaCl) | சகப்பிணைப்பு (CCl₄) | நீரற்ற AlCl₃ |

முதல் எட்டு வரிசைகள் இயற்பியல் பண்புகள், கடைசி நான்கு வேதிப் பண்புகள். இரண்டுக்கும் நடுவில் ஒரு தடித்த கோடு போட்டுவிடுங்கள். "வேதிப் பண்புகளை மட்டும் ஒப்பிடுக" என்று கேட்டதற்குப் பளபளப்பில் தொடங்கிக் கம்பி வரை எழுதிவைத்த விடைத்தாள்களை ஒவ்வொரு முறையும் பார்க்கிறேன். எழுதியது எல்லாம் சரியாக இருந்தும் மதிப்பெண் போட வழியில்லாமல் போகிறது.

அலோகத்துக்கு எல்லா வரியிலும் "இல்லை, இல்லை"ன்னு எழுதினா தப்பா?

தப்பு இல்லை, ஆனால் பாதி விடைதான். கரித்துண்டைச் சுத்தியலால் தட்டிப் பாருங்கள். அது தகடாகாது என்பது உண்மை. ஆனால் உங்கள் கண்ணெதிரே நடப்பது வேறு ஒன்று: அது பொடிந்து சிதறுகிறது. அதற்கு நொறுங்கும் தன்மை என்று தனிப் பெயரே இருக்கிறது. அதை எழுதினால்தான் ஒப்பீடு முழுமையாகும். அதேபோல "அலோகம் திண்மமாக இல்லை" என்று எழுதிவிடாதீர்கள். கந்தகமும் பாஸ்பரஸும் அயோடினும் கார்பனும் திண்மங்கள்தான்.

இன்னொரு இடம் ஒலி. கோயில் மணியை உதாரணமாக எல்லோரும் எழுதுகிறார்கள். நல்ல உதாரணம்தான், ஆனால் மணி வெண்கலத்தால் ஆனது. அதாவது தாமிரமும் வெள்ளீயமும் கலந்த உலோகக்கலவை. "வெண்கலம் என்ற உலோகம்" என்று எழுதாமல் "உலோகங்களும் உலோகக்கலவைகளும் ஒலிக்கும்" என்று எழுதுங்கள். வெண்கலக் கடையில் யானை புகுந்த கதை நினைவிருந்தால் இந்த வரிசையை மறக்கவே மாட்டீர்கள்.

தகடாகுது, கம்பியாகுது, கரண்ட் பாயுது... ஒவ்வொண்ணுக்கும் தனித்தனியா காரணம் படிக்கணுமா?

ஒரே காரணம்தான். அதைப் புரிந்துகொண்டால் அட்டவணையில் பாதி தானாக எழுத வரும்.

உலோக அணுவின் வெளிக்கூட்டில் பெரும்பாலும் ஒன்று, இரண்டு அல்லது மூன்று எலக்ட்ரான்கள்தான் இருக்கும். அணுக்கரு அவற்றை இறுகப் பிடித்துவைப்பதில்லை. ஆகவே ஒரு தாமிரத் துண்டில் கோடானுகோடி அணுக்கள் அடுக்கடுக்காக உட்கார்ந்திருக்க, அவற்றின் வெளி எலக்ட்ரான்கள் எந்த ஓர் அணுவுக்கும் சொந்தமில்லாமல் துண்டு முழுவதும் அலைந்துகொண்டிருக்கும். மின்கலத்தை இணைத்தால் அந்த எலக்ட்ரான்கள் ஒரு பக்கமாக நகர்கின்றன, அதுதான் மின்னோட்டம். ஒரு முனையைச் சூடாக்கினால் அவையே வெப்பத்தை மறுமுனைக்குக் கொண்டுபோகின்றன. வெளிச்சம் பட்டால் அதைத் திருப்பி அனுப்புவதும் அவைதான், அதனால் பளபளப்பு.

சரி, சுத்தியலால் அடித்தால்? அடுக்குகள் ஒன்றன்மேல் ஒன்று சறுக்கி நகர்கின்றன. நகர்ந்த பிறகும் நடுவில் அந்த எலக்ட்ரான்கள் இருப்பதால் பிடிமானம் அறுவதில்லை. அதனால் துண்டு உடையாமல் பரவுகிறது, தகடு கிடைக்கிறது. பொற்கொல்லர் கம்பி இழுக்கும்போது நடப்பதும் இதே சறுக்கல்தான். ஒரு கிராம் தங்கத்தை ஏறத்தாழ 2 கிலோமீட்டர் நீளக் கம்பியாக இழுக்க முடியும் என்பதைப் பாடநூலில் படித்திருப்பீர்கள்.

கந்தகத்தில் நிலைமை வேறு. எட்டு எட்டு அணுக்கள் வளையமாகக் கைகோத்து நிற்கின்றன. எலக்ட்ரான்கள் அந்தந்தப் பிணைப்புக்குள்ளேயே அடைபட்டிருக்கின்றன. ஒரு வளையத்துக்கும் அடுத்த வளையத்துக்கும் இடையே பலவீனமான ஈர்ப்பு மட்டுமே இருப்பதால் அடி விழுந்ததும் பிரிந்து பொடியாகிறது. உருகுநிலை குறைவாக இருப்பதற்கும் அதே பலவீனம்தான் காரணம்.

விதிவிலக்கு எல்லாம் மனப்பாடம் பண்ணியே ஆகணுமா? ஏன் இவ்வளவு விதிவிலக்கு?

இயற்பியல் பண்புகளை வைத்து ஒரு தனிமத்தை உலோகம் என்றோ அலோகம் என்றோ உறுதியாகத் தீர்ப்பு சொல்ல முடியாது என்பதால்தான் இவ்வளவு விதிவிலக்கு. இதை ஒரே காட்சியில் காட்டுவது சோடியம். உங்கள் ஆசிரியர் ஆய்வகத்தில் செய்துகாட்டியிருந்தால் அப்படியே நினைவுபடுத்திக்கொள்ளுங்கள். நீங்களாகச் செய்யவே கூடாது.

மண்ணெண்ணெயில் மூழ்கியிருக்கும் சோடியத்தை இடுக்கியால் எடுத்து, வடிதாளில் ஒற்றி, கத்தியால் வெட்டுகிறோம். வெண்ணெயை வெட்டுவதைவிடக் கொஞ்சம்தான் கூடுதல் அழுத்தம் வேண்டும். வெட்டுமுகம் வெள்ளிபோல மின்னும், பார்த்துக்கொண்டிருக்கும்போதே மங்கிவிடும். அரிசி அளவுத் துண்டை, பினாப்தலீன் இரண்டு சொட்டு விட்ட நீரில் போடுகிறோம். அது மூழ்குவதில்லை. மிதந்தபடியே உருகி உருண்டையாகி, சர்ரென்று சத்தத்துடன் நீரின் மேல் ஓடுகிறது. ஓடிய தடம் முழுக்க நீர் இளஞ்சிவப்பாக மாறுகிறது.

இப்போது அட்டவணையைக் கையில் எடுங்கள். கடினம்? இல்லை, கத்தி வெட்டுகிறது. அடர்த்தி? நீரைவிடக் குறைவு, 0.97 கிராம்/கன செ.மீ. உருகுநிலை? ஏறத்தாழ 98°C, வினையில் வெளிவந்த வெப்பமே அதை உருக்கிவிட்டது. மூன்று இயற்பியல் பண்புகளில் சோடியம் தோற்றுப்போகிறது. ஆனால் வேதி வரிசைகளில் அதைப்போல உலோகம் வேறு ஏது? எலக்ட்ரானைக் கொடுத்து Na⁺ ஆனது, ஹைட்ரஜனை விரட்டியது, காரத்தை உண்டாக்கியது:

2Na + 2H₂O → 2NaOH + H₂

ஆகவே மனப்பாடம் பண்ண வேண்டிய பெயர்கள் குறைவு. சோடியம், பொட்டாசியம், பாதரசம் ஒரு பக்கம். வைரம், கிராஃபைட், அயோடின், புரோமின் மறுபக்கம். ஏழு பெயர்கள் போதும். காலியம் 30°C-க்குச் சற்றுக் கீழேயே உருகும், உள்ளங்கையில் வைத்தால் வழிந்துவிடும். அதையும் எழுதினால் திருத்துபவருக்கு மகிழ்ச்சிதான், எழுதாவிட்டாலும் குறை இல்லை.

பென்சில் முனை கரண்ட் கடத்துது, பளபளன்னும் இருக்கு. அப்போ அது உலோகம்தானே?

இந்தக் கேள்வியை நேரில் கேட்ட மாணவனுக்கு நான் வாயால் பதில் சொல்லவில்லை, செய்துபார்க்கச் சொன்னேன். நீங்களும் செய்யலாம். ஒரு பென்சிலை இரண்டு பக்கமும் சீவிக்கொள்ளுங்கள். டார்ச் செல் இரண்டைத் தொடராக வைத்து, ஒரு சிவப்பு எல்.இ.டி.யை இணைத்து, சுற்றின் நடுவில் பென்சிலைக் கொண்டுவாருங்கள். எல்.இ.டி.யின் நீளமான கால் செல்லின் நேர்முனைப் பக்கம் இருக்க வேண்டும். விளக்கு எரியும். டார்ச் பல்பு வைத்தால் எரியாமல் போகலாம். பென்சில் முனையில் கிராஃபைட்டுடன் களிமண்ணும் கலந்திருப்பதால் மின்தடை கூடுதல், பல்புக்கு வேண்டிய மின்னோட்டம் கிடைக்காது.

கடத்தல் வரிசையிலும் பளபளப்பு வரிசையிலும் கிராஃபைட் உலோகத்தின் பக்கம் நிற்கிறது. அடுத்த வரிசைக்குப் போங்கள். ஒரு மெல்லிய பென்சில் குச்சியை வளைத்துப் பாருங்கள், பட்டென்று ஒடியும். தட்டினால் பொடியாகும். இரண்டுக்கு இரண்டு. இனி யார் தீர்ப்பது?

வேதிப் பண்புதான். கிராஃபைட்டும் அடுப்புக்கரியும் ஒரே தனிமம், கார்பன். கரியை எரித்தால் வருவது கார்பன் டைஆக்சைடு. அதைத் தெளிந்த சுண்ணாம்பு நீரில் செலுத்தினால் பால்போலாகும். நீரில் கரைத்து நீல லிட்மஸை நனைத்தால் மெல்லச் சிவக்கும். ஆக்சைடு அமிலத்தன்மை கொண்டது, எனவே கார்பன் அலோகம். அப்படியானால் கிராஃபைட்டும் அலோகமே.

அப்புறம் ஏன் கடத்துகிறது? கார்பனுக்கு வெளிக்கூட்டில் நான்கு எலக்ட்ரான்கள். வைரத்தில் நான்கும் பிணைப்பில் மாட்டிக்கொள்கின்றன. கிராஃபைட்டில் ஒவ்வோர் அணுவும் மூன்று பேருடன் மட்டுமே கைகோக்கிறது. மிஞ்சிய ஓர் எலக்ட்ரான் அந்தத் தளத்துக்குள் உலவ முடிகிறது. இந்த ஒரு வாக்கியத்தை எழுதினால் இரண்டு மதிப்பெண் காரணக் கேள்விக்கு முழு விடை.

ஆக்சைடு வரிசைக்கு எந்தச் சோதனையை எழுதணும்?

மக்னீசியமும் கந்தகமும். ஒன்றை எழுதினால் மற்றதையும் எழுதுங்கள், ஒப்பீடு என்பதால் தனியாக நிற்காது.

மக்னீசியம் நாடாவை முதலில் உப்புத்தாளால் தேய்க்க வேண்டும். "நாடாவை ஏன் தேய்க்கிறோம்" என்றே ஒரு கேள்வி வருவதுண்டு. காற்றில் இருந்த நாடாவின் மேல் படிந்துள்ள படலத்தை நீக்கத்தான், படலம் இருந்தால் பற்றிக்கொள்ளாது. இடுக்கியால் பிடித்துச் சுடரில் காட்டினால் கண்ணைப் பறிக்கும் வெள்ளை ஒளியுடன் எரியும். நேராகப் பார்க்கக் கூடாது. விழும் வெண்சாம்பல் மக்னீசியம் ஆக்சைடு. அதில் கொஞ்சம் வெந்நீர் விட்டுக் கலக்கினால் Mg(OH)₂ உண்டாகும், சிவப்பு லிட்மஸ் நீலமாகும்.

2Mg + O₂ → 2MgO
MgO + H₂O → Mg(OH)₂

கந்தகப் பொடியை எரிகரண்டியில் வைத்து நீலச் சுடரோடு எரியவிட்டு, வாயுச்சாடிக்குள் இறக்கி மூட வேண்டும். மூக்கைத் துளைக்கும் நெடி வரும், ஆஸ்துமா இருப்பவர்கள் தள்ளி நிற்க வேண்டும். சாடியில் சிறிது நீர் விட்டுக் குலுக்கினால் சல்ஃபியூரஸ் அமிலம் கிடைக்கும், நீல லிட்மஸ் சிவக்கும்.

S + O₂ → SO₂
SO₂ + H₂O → H₂SO₃

இதில் பலர் சறுக்கும் இடம் H₂SO₄ என்று எழுதுவது. அது சல்ஃபியூரிக் அமிலம், SO₃ நீரில் கரைந்தால் வருவது. இங்கே வருவது H₂SO₃.

நாங்க செஞ்சப்ப லிட்மஸ் மாறவே இல்லை. ஏன்?

மூன்று இடங்களைப் பாருங்கள். முதலாவது, தாளின் நிறம். மக்னீசியச் சாம்பலில் நீல லிட்மஸை நனைத்துவிட்டு "மாறவில்லை" என்று எழுதிய குழுக்கள் உண்டு. அது ஏற்கெனவே நீலம், காரத்தில் என்ன மாறும்?

இரண்டாவது, ஈரம். கந்தக வாயுவுக்குள் உலர்ந்த லிட்மஸ் தாளைத் தொங்கவிட்டால் ஒன்றும் ஆகாது. அமிலம் என்பது SO₂ நீருடன் சேர்ந்த பிறகுதான் உருவாகிறது. "உலர் லிட்மஸ், ஈர லிட்மஸ் இரண்டிலும் என்ன நிகழும்" என்பது பத்தாம் வகுப்பில் கேட்கப்படும் கேள்வி. விடை: உலர்ந்ததில் மாற்றமில்லை, ஈரமானதில் நீலம் சிவப்பாகும்.

மூன்றாவது, சாம்பல். மக்னீசியம் ஆக்சைடு நீரில் மிகக் கொஞ்சமாகத்தான் கரையும். குளிர்ந்த நீரில் போட்டுக் கலக்காமல் மேலாகத் தாளைத் தொட்டால் நிறம் மாறத் தாமதமாகும். வெந்நீரில் கலக்கி ஒரு நிமிடம் காத்திருங்கள். கூடவே, வெறும் நீரில் ஒரு தாளை முதலில் நனைத்துப் பாருங்கள். போர் நீர் பல ஊர்களில் தானே சற்றுக் காரமாக இருக்கும், அப்படியிருந்தால் வாலை வடிநீர்தான் எடுக்க வேண்டும்.

ஆனால் தாமிர ஆக்சைடை எடுத்துக்கொண்டு இதே சோதனையைச் செய்தால் எவ்வளவு காத்திருந்தாலும் லிட்மஸ் மாறாது. CuO நீரில் கரைவதே இல்லை. அதற்காக அது கார ஆக்சைடு இல்லை என்று ஆகிவிடாது. அமிலத்தில் போட்டால் கரைந்து உப்பும் நீரும் தருகிறது, அதுவே காரத்தின் அடையாளம். வீட்டில் செப்புக் குடம் கறுத்துப்போனால் புளி போட்டுத் தேய்க்கிறோமே, அங்கே நடப்பது இதுதான். கறுப்புப் படலமும் பச்சைக் களிம்பும் புளியில் உள்ள அமிலத்தில் கரைகின்றன, அடியில் உள்ள செம்பு அந்த அமிலத்துக்கு அசைவதில்லை. ஒரே குடத்தில் அட்டவணையின் இரண்டு வரிசைகளைப் பார்த்துவிடலாம்.

அலுமினிய ஆக்சைடை எந்தப் பத்தியில போடறது?

உலோகப் பத்தியில் அலுமினியத்தை வைத்துவிட்டு, ஆக்சைடை மட்டும் விதிவிலக்கில் எழுதுங்கள். Al₂O₃, ZnO இரண்டும் அமிலத்தோடும் வினைபுரியும், காரத்தோடும் வினைபுரியும். அதனால் ஈரியல்பு ஆக்சைடு என்று பெயர். அலோகப் பக்கம் CO, N₂O போன்றவை லிட்மஸை எந்தப் பக்கமும் மாற்றாத நடுநிலை ஆக்சைடுகள். "எல்லா அலோக ஆக்சைடுகளும் அமிலத்தன்மை கொண்டவை" என்ற வாக்கியம் சரியா தவறா பகுதியில் வந்தால், தவறு.

உலோகம் அமிலத்தோட சேர்ந்தா ஹைட்ரஜன் வரும்னு எழுதினேன். பாதி மார்க்தான் போட்டாங்க. ஏன்?

"எல்லா உலோகமும்" என்று எழுதியிருப்பீர்கள், அல்லது அமிலத்தின் பெயரைச் சொல்லாமல் விட்டிருப்பீர்கள். வினைத்திறன் வரிசையில் ஹைட்ரஜனுக்கு மேலே இருப்பவைதான் நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்திலிருந்து ஹைட்ரஜனை வெளியேற்றும். துத்தநாகத் துண்டைப் போட்டால் குமிழ் வரும், தாமிரச் சீவலைப் போட்டால் வராது.

அமிலம் நைட்ரிக் அமிலமாக இருந்தால் கதையே மாறும். அது வலிமையான ஆக்சிஜனேற்றி. உண்டாகும் ஹைட்ரஜனை அதுவே நீராக மாற்றிவிட்டு, தான் நைட்ரஜனின் ஆக்சைடாகக் குறைகிறது. மக்னீசியமும் மாங்கனீசும் மட்டும் மிக நீர்த்த நைட்ரிக் அமிலத்தில் ஹைட்ரஜனைத் தரும். ஆகவே அட்டவணையில் "நீர்த்த HCl அல்லது நீர்த்த H₂SO₄" என்று எழுதிவிடுங்கள், தொல்லை தீர்ந்தது.

அலுமினியத்தைப் போட்டதும் குமிழ் வராமல் சிறிது நேரம் கழித்து வருவதைக் கவனித்திருக்கலாம். மேலே உள்ள ஆக்சைடு படலம் முதலில் கரைய வேண்டும், அதற்கான நேரம்தான் அது.

அலோகங்களால் ஏன் முடியாது என்றால், அமிலத்தில் உள்ள H⁺ ஹைட்ரஜன் வாயுவாக மாற ஓர் எலக்ட்ரான் வேண்டும். உலோகம் கொடுக்கும். கந்தகமோ கார்பனோ எலக்ட்ரானை வாங்கக் காத்திருப்பவை, அவை எங்கே கொடுப்பது?

ஹைட்ரஜன் H⁺ ஆகுதே, வினைத்திறன் வரிசையிலயும் இருக்கே. உலோகமா அது?

அலோகம்தான். ஒப்பிட்டுப் பார்க்க வசதியாக இருப்பதால் அந்த வரிசையில் அதற்கு இடம் கொடுத்திருக்கிறார்கள். வாயு, மின்சாரம் கடத்தாது, மற்ற அலோகங்களோடு எலக்ட்ரானைப் பகிர்ந்து சகப்பிணைப்பு உண்டாக்கும். சோடியத்தோடு சேரும்போது எலக்ட்ரானை வாங்கிக்கொண்டு எதிர் அயனியாகவும் ஆகும்.

என் மகள் யாழ்ப்பாணத்தில் படிக்கிறாள். அவள் புத்தகத்தில் "அல்லுலோகம்" என்று இருக்கிறது. இரண்டும் ஒன்றா?

ஒன்றேதான். இலங்கைப் பாடநூல்களில் அல்லுலோகம், ஒட்சிசன், ஐதரசன் என்று வரும். பொருளில் வேறுபாடு இல்லை. அவள் புத்தகத்தில் உள்ள சொல்லையே தேர்வில் எழுதட்டும், இங்கே உள்ளவற்றைக் கலக்க வேண்டாம்.

A, B, C, D-ன்னு நாலு பொருள் கொடுத்து எது உலோகம்னு கேட்டா எப்படி எழுதறது?

ஒன்றைச் செய்துபார்ப்போம். A: வெள்ளிபோல மின்னும், கத்தியால் வெட்டலாம், நீரில் மிதந்து வாயுவை வெளியிடும். B: கருஞ்சாம்பல் நிறப் பளபளப்பான படிகம், மின்சாரம் கடத்தாது, சூடாக்கினால் ஊதா ஆவி வரும். C: செம்பழுப்பு நிறம், தட்டினால் தகடாகும், நீர்த்த HCl-இல் மாற்றமில்லை, காற்றில் சூடாக்கினால் மேலே கறுப்புப் படலம். D: மஞ்சள் நிறம், நொறுங்கும், எரிந்தால் வரும் வாயு ஈர நீல லிட்மஸைச் சிவப்பாக்கும்.

D-யிலிருந்து தொடங்குங்கள், அதில் சந்தேகமே இல்லை. நொறுங்குகிறது, ஆக்சைடு அமிலம், ஆகவே அலோகம்: கந்தகம். அடுத்து A. மென்மையையும் மிதப்பதையும் பார்த்து அலோகம் என்று எழுதிவிடத் தோன்றும், அதற்காகத்தான் அப்படிக் கொடுத்திருக்கிறார்கள். நீரிலிருந்து வாயுவை வெளியேற்றியதே முக்கியச் சான்று. உலோகம், சோடியமாக இருக்கலாம். பொட்டாசியமும் இப்படியே நடக்கும், அதன் வாயு ஊதாச் சுடருடன் பற்றிக்கொள்ளும். சுடரைப் பற்றிக் கேள்வியில் இல்லாததால் "சோடியம் அல்லது பொட்டாசியம்" என்று எழுதுவதே நேர்மையான விடை.

B பளபளப்பைக் காட்டி ஏமாற்றப் பார்க்கிறது. மின்சாரம் கடத்தவில்லை, ஊதா ஆவி வருகிறது. அயோடின், அலோகம்.

C-தான் மாணவர்களைத் தடுமாற வைக்கிறது. அமிலத்தில் குமிழ் வரவில்லையே, அலோகமோ என்று. தகடாகிறது என்பதை முதலில் எழுதுங்கள். பிறகு, வினைத்திறன் வரிசையில் ஹைட்ரஜனுக்குக் கீழே இருக்கும் உலோகம் என்பதால் குமிழ் இல்லை என்று காரணம் சொல்லுங்கள். செம்பழுப்பு நிறமும் கறுப்புப் படலமும் தாமிரத்தைக் காட்டுகின்றன. உறுதிப்படுத்தும் சோதனை கேட்டால், படலத்தோடு அந்தத் துண்டை வெதுவெதுப்பான நீர்த்த கந்தக அமிலத்தில் இடுங்கள். குமிழ் இல்லாமல் கறுப்பு கரையும், கரைசல் நீலமாகும், உள்ளே செம்பு பளிச்சென்று தெரியும்:

CuO + H₂SO₄ → CuSO₄ + H₂O